தலைக்குப் பின்னால் எழுத்து: ஒரு கபடி போஸ்டர், மூணு லேயர்

[திரையில்: முடிஞ்ச போஸ்டர். தாவும் வீரர். "கபடி" என்ற பெரிய எழுத்து அவர் தலைக்குப் பின்னால் போகிறது.]

வணக்கம். இந்தப் போஸ்டர்ல எழுத்து வீரருக்குப் பின்னாடி நிக்குற மாதிரி தெரியுது. உண்மையில் ஒரே போட்டோ ரெண்டு தடவை இருக்கு. அடியில் முழு போட்டோ, அதுக்கு மேல எழுத்து, எழுத்துக்கு மேல அதே போட்டோல இருந்து வெட்டின வீரர். ரெண்டு போட்டோவும் அச்சு பிசகாம ஒண்ணு மேல ஒண்ணு இருக்கறதால, நடுவுல எழுத்து செருகியிருக்குன்னு கண்ணு நம்பிடுது.

போட்டோஷாப்ல செய்யப் போறோம். தாள் A3, 300 dpi. அதாவது 3508-க்கு 4961 பிக்சல். போட்டோவை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அளவு சுருங்கி, தலைமுடி ஓரமெல்லாம் கட்டம் கட்டமா உடைஞ்சு வரும். அதை எவ்வளவு கவனமா வெட்டினாலும் சுத்தமா வராது. எடுத்தவர்கிட்ட டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லி வாங்குங்க.

[திரையில்: போட்டோ மேல் "கபடி", பாதி ஊடுருவித் தெரியும்படி.]

வெட்டுறதுக்கு முன்னாடி எழுத்தை வச்சுப் பாக்கணும். இதைத் தலைகீழாச் செய்யறதாலதான் பாதி வேலை வீணாகுது. எழுத்தை டைப் பண்ணி, Opacity-ஐ 50% ஆக்கி, வீரர் மேல நகர்த்திப் பாருங்க.

தமிழ் எழுத்துல எந்த இடம் மறைஞ்சா வார்த்தை கெடும்னு தெரிஞ்சு வைக்கணும். "கபடி"ல கடைசி எழுத்தைப் பாருங்க. டகரத்துக்கு மேல இருக்கிற அந்த வளைவை வீரரோட கை மறைச்சா, படிக்கிறவருக்கு "கபட"ன்னு தெரியும். போட்டிக்கு அழைக்கிற போஸ்டர்ல அந்த வார்த்தை வரவே கூடாது. புள்ளியும் அப்படித்தான், அது மறைஞ்சா மெய்யெழுத்து உயிர்மெய்யா மாறிடும்.

பகரம் நமக்குத் தோதான எழுத்து. மேல திறந்த கிண்ணம் மாதிரி இருக்கு. வீரரோட தலையை அந்தக் கிண்ணத்துக்குள்ள உக்கார வைக்கலாம். கீழ்க்கோட்டோட நடுப்பகுதி கழுத்துக்குப் பின்னால போகும், ரெண்டு மூலையும் வெளியில தெரியும், யாரும் அதைப் பகரம்னுதான் படிப்பாங்க. மூலை ரெண்டும் மறைஞ்சா வெறும் ரெண்டு குச்சிதான் மிஞ்சும். அதனால எழுத்தோட அகலம் தலை அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கணும். இங்க தலை 500 பிக்சல், பகரம் 800-க்குக் கொஞ்சம் மேல.

தூக்கின கை டகரத்து வளைவு மேல வருதா? போட்டோவைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போடாதீங்க, ஜெர்சி நம்பரும் திரும்பிடும். வார்த்தையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, விரல் ரெண்டு எழுத்துக்கு நடுவுல இருக்கிற சந்துல போற மாதிரி வைங்க.

[திரையில்: லேயர் பட்டியல். போட்டோ நகல் எழுத்துக்கு மேலே போகிறது.]

இடம் முடிவாச்சு. எழுத்தோட Opacity-ஐத் திரும்ப 100% ஆக்கிடுங்க. இப்போ நிறம், வெளிச்சம் திருத்தறதெல்லாம் போட்டோவிலேயே முடிச்சிடுங்க. அதுக்கப்புறம்தான் Ctrl+J அடிச்சு நகல் எடுத்து, அதை எழுத்துக்கு மேல கொண்டு போகணும். காரணம் இருக்கு. நாம முழு ஆளையும் வெட்டப் போறதில்ல. எழுத்து படுற இடம் தலை, கழுத்து, தோள், ஒரு கை, அவ்வளவுதான் வெட்டணும். கீழ மார்புக்கு நடுவுல வெட்டு எப்படி முடிஞ்சாலும் பரவாயில்ல, அடியில அதே பிக்சல் இருக்கறதால கோடு தெரியாது. ஆனா நகல் எடுத்த பிறகு ஒண்ணோட நிறத்தை மட்டும் மாத்தினா, மார்புக்குக் குறுக்கே அந்தக் கோடு வெளியே வந்துடும். ரெண்டு போட்டோ லேயரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, சங்கிலிக் குறியை அழுத்தி இணைச்சு வைங்க. ஒண்ணு தெரியாம ரெண்டு பிக்சல் நகர்ந்தாலும் காது இரட்டையாத் தெரியும்.

தோளும் கையும் அழுத்தமான ஓரம். அதுக்குப் பென் டூல்தான். ஓரத்துக்கு வெளியில போகாம, ஒண்ணு ரெண்டு பிக்சல் உள்ளே தள்ளியே பாதையை வரைங்க. Ctrl+Enter அழுத்தினா பாதை செலக்‌ஷனாகும். லேயர் பட்டியலுக்குக் கீழ இருக்கிற மாஸ்க் குறியை அழுத்துங்க. இரப்பரால அழிக்காதீங்க. மாஸ்க்ல கருப்பு மறைக்கும், வெள்ளை திரும்பக் கொண்டு வரும், தப்பு நடந்தா எதுவும் போயிடாது. ஓரம் கத்தரிக்கோலால வெட்டின மாதிரி இருந்தா மாஸ்க்குக்கு மட்டும் Feather 0.5 பிக்சல் கொடுங்க.

[திரையில்: தலைமுடி பெரிதாக்கி. எழுத்து மேல் வெளிறிய விளிம்பு.]

இப்போ தலைமுடி. இந்த வெள்ளைக் கோடு தெரியுதா? முடி ஓரத்துல ஒவ்வொரு பிக்சல்லயும் முடியோட கருப்பும் வானத்தோட வெளிச்சமும் கலந்திருக்கு. வானத்துக்கு முன்னாடி அது இயல்பாத் தெரியும். பின்னாடி செம்மஞ்சள் எழுத்து வந்ததும் வெளிறிய வளையமாத் துருத்திக்கிட்டு நிக்கும். பிரஷ்ஷால ஒவ்வொரு முடியா வெட்டப் பாத்தா மணிக்கணக்காகும், தலையும் தொப்பி போட்ட மாதிரி வழுவழுன்னு ஆயிடும்.

முடி கருப்பு, வானம் வெளுப்பு. இந்த மாதிரி போட்டோவுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. மாஸ்க்கை முடியோட அடர்த்தியான பகுதி வரைக்கும் உள்ளே இழுத்துடுங்க. அப்புறம் அடி போட்டோவை இன்னொரு நகல் எடுத்து எழுத்துக்கு நேர் மேல வைங்க. ரெண்டு லேயருக்கும் நடுக்கோட்டுல Alt அழுத்திக் கிளிக் பண்ணா, நகல் எழுத்துக்குள்ள மட்டும் தெரியும். கலப்பு முறையை Multiply ஆக்குங்க. Multiply-ல வெள்ளை காணாமப் போகும், கருப்பு நிக்கும். அதாவது வானம் மறைஞ்சு, முடி இழை மட்டும் எழுத்து மேல படியும். வானம் தூய வெள்ளையா இல்லாததால எழுத்து கொஞ்சம் அழுக்காத் தெரியலாம். அந்த நகலுக்கு மட்டும் Ctrl+L அடிச்சு, வலது முனையில இருக்கிற வெள்ளை முக்கோணத்தை வானம் வெளுக்கிற வரைக்கும் இடப்பக்கம் இழுங்க. கடைசியா அதுக்குக் கருப்பு மாஸ்க் போட்டு, முடி ஓரத்துல மட்டும் மென்மையான வெள்ளை பிரஷ் ஓட்டுங்க.

இது எழுத்து முடியை விட வெளிச்சமா இருந்தால்தான் வேலை செய்யும். அடர் நீலம், கருப்பு எழுத்து வச்சா இழை தெரியாது. இருட்டுப் பின்னணியில எடுத்த படத்துக்கும் இது ஆகாது. அங்க Select and Mask-ல போய் Refine Edge பிரஷ்ஷை முடி மேல ஓட்டி, Decontaminate Colors-ஐ டிக் பண்ணணும். அது பிக்சலோட நிறத்தையே மாத்தறதால புது லேயராத்தான் வெளியே தரும்.

எழுத்துக்கு நிழல் போடலாமான்னா, இந்தப் படத்துக்கு வேண்டாம். வானத்துல நிக்கிற எழுத்து மேல தலையோட நிழல் எப்படி விழும்? பின்னாடி சுவர் இருந்தா மட்டும் லேசாப் போடலாம்.

[திரையில்: 100% அளவில் ஓரத்தைச் சுற்றி நகர்கிறது. பிறகு கட்டைவிரல் அளவு படம்.]

100% அளவுல வச்சு, எழுத்தும் ஆளும் தொடுற ஓரத்தை மட்டும் ஒரு சுற்றுப் பாருங்க. மத்த ஓரத்தைப் பாக்கத் தேவையில்ல, அங்க அடியில இருக்கிற போட்டோதான் தெரியுது. அப்புறம் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, போஸ்டரை இதுவரை பாக்காத ஒருத்தர்கிட்ட காட்டி என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. அவர் தயங்கினா தலையைத் தொடாதீங்க, எழுத்தை 50 பிக்சல் மேல ஏத்துங்க.

ஃபோன் ஆப்ல செய்யறவங்களுக்கும் அடுக்கு இதேதான். வெட்டின தலையை மட்டும் PNG-யாச் சேமிங்க. JPG-ல ஊடுருவித் தெரியற பகுதி நிக்காது, தலையைச் சுத்தி ஒரு வெள்ளைப் பெட்டி வந்து எழுத்தை மறைச்சிடும்.