கையெழுத்து போட யாரு இருக்கா

வணக்கம்ங்க. நான் பாம்பன் பக்கம், ஒரு திருநங்கை. பதினேழு வயசுல வீட்ட விட்டு வந்தேன், வந்தேன்னு என்ன, வெளிய தள்ளிட்டாங்க. அப்ப என்னைச் சேத்துக்கிட்டவக கருவாடு யாவாரம் பாக்குற ஒரு மூத்த திருநங்கை. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அவுகதான் அம்மா.

உடனே மகளா எடுக்கலங்க. ஆறேழு மாசம் கூட வச்சுப் பழகிப் பாத்துட்டு, அப்புறம் ஜமாத், அதான் எங்க திருநங்கைக கூட்டமைப்பு, அந்தப் பெரியவங்க முன்னாடி "இவ என் மக"ன்னு சொன்னாக. அன்னையிலருந்து அம்மாவோட மத்த மகளுக எனக்கு அக்கா தங்கச்சி, அம்மாவ மகளா எடுத்த குரு எனக்கு நானி, அதாவது பாட்டி. பொண்ணா மாறுற ஆபரேஷன் முடிஞ்ச 40 நாளும் சுடுதண்ணி வச்சு, கஞ்சி ஊத்தி, கண்ணாடி பாக்க விடாம பொத்திப் பாத்தாக, யாவாரம் போச்சேன்னு ஒரு சொல்லு சொல்லல. எல்லா ஜமாத்துலயும் இப்படி வாய்க்காது, சம்பாத்தியத்த மட்டும் பாக்குறவங்களும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது.

போன வருஷம் எனக்கு குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரிக்கு போனோம். சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னாங்க. அம்மா பேனாவ கையில எடுத்துட்டாக, ஆனா ரேஷன் கார்டுல ஒண்ணா பேரு இல்லன்னு ஒத்துக்கல. எங்கண்ணனுக்கு போன் போட்டா கட் பண்ணிட்டாரு. மூணு மணி நேரம் வலியோட கிடந்தேன். பின்னால வக்கீல்ட்ட கேட்டா, வயசு வந்தவங்க நினைவோட இருந்தா அவங்க கையெழுத்தே போதும்ங்கறாரு! இது தெரியாமத்தான் அத்தனை பாடு.

2025 மே மாசம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல, கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியில்ல, நாமளா தேடிக்கிட்ட குடும்பமும் குடும்பம்தான்னு சொல்லுச்சு. கேட்டப்ப அழுதுட்டேன். ஆனா 2019 திருநர் சட்டத்துல குடும்பம்னா ரத்தம், கல்யாணம், சட்டப்படி தத்து, இவ்வளவுதான். அதனால நாங்க பேப்பர்ல இறங்கிட்டோம். பேங்க்ல நாமினியா அம்மாவுக்கு நான், எனக்கு அம்மா. உயிலும் எழுதுனோம், அதுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேணாம், பதிவும் கட்டாயம் இல்ல, ரெண்டு சாட்சி இருந்தா போதும், சொத்து வாங்கப்போறவங்களே சாட்சி போடாம இருக்கறது நல்லது. உயில் இல்லன்னா அம்மா கட்டுன ஓட்டு வீடு, இருபது வருஷமா எட்டிப் பாக்காத சொந்தத்துக்குத்தான் போகும்.

செத்தப்புறம் உடல் யாருகிட்டங்கற விஷயம்தான் இன்னும் சிக்கல். யாரும் வரலன்னா கூட வாழ்ந்த துணைகிட்ட உடல குடுக்கலாம்னு 2024 ஆகஸ்ட்ல மத்திய சுகாதாரத்துறை மாநிலங்களுக்கு எழுதுச்சு. சொந்தம் வந்து நின்னா? எங்க அக்கா ஒருத்தி செத்தப்ப வந்தாங்க, முடிய வெட்டி, வேட்டி சட்ட போட்டு, பழைய பேரச் சொல்லி எடுத்துட்டு போயிட்டாங்க. நாங்க ரோட்டுலயே நின்னோம். அவளுக்குன்னு எடுத்து வச்ச பச்சச்சேல அம்மாவோட டிரங்குப் பெட்டியில அப்படியே இருக்கு, எங்க உயில் பேப்பரையும் அதுக்கு அடியிலதான் வச்சிருக்காக.