குர்தி சைடு தையல்: ஒரே மெஷினா, ரெண்டு தடவை தைச்சதா?

கேள்வி: "அக்கா, ரெடிமேட் காட்டன் குர்தியோட சைடு தையலை உள்பக்கமா திருப்பி, ஸ்கேல் வச்சு ரெண்டு போட்டோ அனுப்பியிருக்கேன். ஓரத்துல ஓவர்லாக், அதுக்கு உள்ள தள்ளி தனியா ஒரு நேர் தையல் ஓடுது. இது ரெண்டு தடவை தைச்சதா, ஒரே மெஷின்ல வந்ததா? இடுப்புல கொஞ்சம் டைட்டு, பிரிச்சு தளர்த்த முடியுமா?"

ஒரே மெஷின்ல வந்ததுதாங்க. அஞ்சு நூல் ஓவர்லாக், சேஃப்டி ஸ்டிட்ச்னு சொல்லுவாங்க. தையல் வகைகளுக்கு எண் கொடுக்கிற ஐ.எஸ்.ஓ 4915 பட்டியல்ல இதுக்கு எண் 516. தளர்த்த முடியும், ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு வராது. அதை கடைசியில சொல்றேன், முதல்ல போட்டோவைப் பார்ப்போம்.

உங்க முதல் போட்டோல நேர் தையலுக்கும் ஓவர்லாக்குக்கும் நடுவுல வெறும் துணி தெரியுது பாருங்க. ஸ்கேல்ல அது சுமார் 3 மில்லிமீட்டர். மேல இருந்து கீழ வரைக்கும் அந்த இடைவெளி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ரெண்டு ஊசியும் ஒரே மெஷின்ல பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கிறதால அது மாறவே வழியில்ல. தனித்தனியா தைச்சிருந்தா, முதல்ல சாதா மெஷின்ல ஒரு தையல், அப்புறம் ஓவர்லாக்னு ஓட்டியிருப்பாங்க. எவ்வளவு கை தேர்ந்தவங்க ஓட்டினாலும் இடுப்பு வளைவுல அந்த இடைவெளி கொஞ்சம் அகலும், கொஞ்சம் ஒடுங்கும். சில இடத்துல ஓவர்லாக் நேர் தையல் மேலயே ஏறிப் போயிருக்கும்.

அடுத்து எண்ணிப் பாருங்க. ஒரு இஞ்சுக்குள்ள நேர் தையல் 11 இருக்கு, ஓவர்லாக்கோட ஊசிக் குத்தும் 11 இருக்கு. துணி நகர்றது ஒண்ணுதான், ஊசி ரெண்டும் சேர்ந்துதான் இறங்குது, அதனால எண்ணிக்கை ஒண்ணா வருது. ரெண்டு மெஷின்னா ஒண்ணுல 10 இருக்கும், இன்னொண்ணுல 13 இருக்கும். எப்பவாவது தற்செயலா ஒத்துப்போகலாம், அதனால இதை மட்டும் வச்சு முடிவு பண்ண வேண்டாம்.

சந்தேகத்தைத் தீர்க்கிறது உங்க ரெண்டாவது போட்டோதான், அதாவது அதே தையலோட மறுபக்கம். நிறைய பேர் ஒரு பக்கம் மட்டும் அனுப்பி "என்ன தையல்"னு கேக்குறாங்க. ஊசி இறங்குற பக்கத்துல பார்த்தா சாதா தையலும் செயின் தையலும் ஒரே மாதிரி கோடாத்தான் இருக்கும், பிரிச்சு சொல்லவே முடியாது. திருப்பினாத்தான் வித்தியாசம் தெரியும். பாபின் போட்டுத் தைக்கிற சாதா தையல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். உங்க போட்டோல மறுபக்கம் அப்படி இல்ல. கண்ணிக்குள்ள கண்ணி போன சங்கிலி மாதிரி லேசா புடைச்சு நிக்குது. இது பாபின் இல்லாம, அடியில லூப்பர்ங்கிற கொக்கி நூலைக் கோத்துப் போட்ட செயின். அதே பட்டியல்ல இந்த நேர் தையலுக்கு மட்டும் எண் 401.

இங்க ஒரு இடம் ஏமாத்தும். சாதா மெஷின்ல மேல் நூல் டென்ஷன் லூஸா இருந்தாலும் அடியில குட்டிக் குட்டி வளையம் வரும், அதையும் செயின்னு நினைச்சுடுவோம். அப்படி இருந்தா அடி நூல் ஒரே நூலா, நேரா படுத்திருக்கும். மேல இருந்து வந்த வளையம் அதை ஒவ்வொரு குத்துலயும் தொட்டுட்டுப் போகும், அவ்வளவுதான். ஊசி முனையால அந்த அடி நூலைத் தூக்கினா நூல் நீளமா நகரும். செயின்ல அப்படி ஒத்தை நூல் கிடைக்காது, கண்ணிதான் கிடைக்கும்.

டி-ஷர்ட் தோள்ல வர்ற நாலு நூல் ஓவர்லாக்கையும், அதாவது 514, இதோட குழப்பிக்கிறாங்க. அதுலயும் ரெண்டு ஊசிக் கோடு இருக்கும். ஆனா அந்த ரெண்டு கோடுமே ஓரத்தைச் சுத்தி வர்ற லூப்பர் நூலுக்கு உள்ள அடங்கியிருக்கும், நடுவுல வெறும் துணி இருக்காது. உங்களோடதுல நேர் தையல் வெளியில தனியா நிக்குது. ஜிக்ஜாக் இன்னும் சுலபம். துணி மேல வளைஞ்சு வளைஞ்சு போகுமே தவிர, ஓர விளிம்புல நூல் நூலோட கோத்துக்காது. பிசிறு வெளியில நீட்டிட்டு நிக்கும்.

போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் போடாதீங்க. நேரா வெளிச்சம் விழுந்தா புடைப்பெல்லாம் தட்டையாத் தெரியும். ஜன்னல் ஓரமா வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி எடுங்க. ஸ்கேல் வச்சு அனுப்பினது நல்ல காரியம், இல்லன்னா 3 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரான்னே தெரிஞ்சிருக்காது.

இப்ப தளர்த்துற கதைக்கு வருவோம். ஓவர்லாக் மெஷின்ல கத்தி இருக்கு. தைக்கும்போதே ஓரத்தை வெட்டிட்டுதான் போகும். அதனால தையல் கடையில தைச்ச ஜாக்கெட் மாதிரி உள்ள துணி விட்டிருக்க மாட்டாங்க. உங்க போட்டோல நேர் தையல்ல இருந்து விளிம்பு வரைக்கும் மொத்தமே 8 மில்லிமீட்டர்தான், அதுல 5 ஓவர்லாக். மிச்சம் அந்த 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும். ஒரு பக்கத் தையலுக்கு முன் துணியில 3, பின் துணியில 3, மொத்தம் 6. ரெண்டு பக்கமும் சேர்த்தா 12 மில்லிமீட்டர், அரை இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல டைட்டுன்னா பக்கவாட்டுல பட்டித் துணி கொடுத்துதான் ஆகணும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி புதுத் தையலைப் போட்டுடுங்க. ஓவர்லாக்கோட ஊசிக் கோட்டை ஒட்டி, சாதா மெஷின்ல, இஞ்சுக்கு 11-12 குத்து வர்ற மாதிரி. தளர்த்த வேண்டிய இடத்துக்கு மேலயும் கீழயும் ஒரு இஞ்ச் தள்ளி, பழைய கோட்டுல ஆரம்பிச்சு மெல்ல சாய்வா வெளியே வாங்க, அதே மாதிரி சாய்வா உள்ளே போய் முடிங்க. ரெண்டு முனையிலயும் பழைய செயின் மேலயே ரிவர்ஸ் போட்டு நல்லா லாக் பண்ணுங்க. இதை விட்டுட்டு நேரா செயினைப் பிரிச்சா என்ன ஆகும்? அரிசி மூட்டை வாயில சரியான நூலைப் பிடிச்சு இழுத்தா சர்ருன்னு பிரியுமே, அது மாதிரிதான் இதுவும். இடுப்புல ஆரம்பிச்சது அக்குள் வரைக்கும், இல்ல ஸ்லிட் வரைக்கும் ஓடிடும். அதனால புதுத் தையலைப் போட்டு முடிச்ச அப்புறம், பழைய செயின்ல நடுவுல ஒரு குத்தை வெட்டி ரெண்டு பக்கமும் லேசா இழுத்துப் பாருங்க. ஒரு பக்கம் இறுகும், தைச்சு ஆரம்பிச்ச இடத்தை நோக்கிப் போற பக்கம் உருவிட்டு வரும். நாம போட்ட லாக்ல வந்து அது நிக்கணும்.

ஒரு விஷயம், உங்களோடது கெட்டியான காட்டன், 5 மில்லிமீட்டர் ஓரம் தாங்கும். இதே ரேயான் குர்தியா இருந்தா இந்த வேலையைச் செய்யாதீங்க. இழை வழுக்கி, உட்காரும்போது தையல் பக்கத்துல துணி விரிஞ்சு கம்பி கம்பியாத் தெரிய ஆரம்பிச்சுடும். பழைய ஊசித் துளை வெளிப்பக்கம் தெரிஞ்சா தண்ணி தெளிச்சு உள்பக்கமா அயர்ன் பண்ணுங்க. காட்டன்ல பெரும்பாலும் மூடிக்கும்.