லோ வாலடிலிட்டி, குவாலிட்டி கூடை: ஏன் ஒவ்வொரு காலாண்டும் பாதிப் பங்குகள் மாறுகின்றன?

கேள்வி: "சார், 200 பங்குகள்ல கடைசி மூணு மாச வாலடிலிட்டி, அதாவது விலை ஆட்டம், கம்மியா இருக்கிற 40-ஐ எடுக்கிறேன். அதுல ஆர்ஓஇ, அதாவது சொந்த மூலதனத்துக்குக் கிடைக்கிற லாப சதவீதம், அதிகமா இருக்கிற 20-ஐ சம அளவுல வாங்குறேன். வாங்கி வைக்கிறது மட்டும்தான், விலை இறங்கும்னு முன்கூட்டியே விக்கிற ஷார்ட் கிடையாது. பழைய விலைகள்ல ஓட்டிப் பார்த்த பேக்டெஸ்ட் அழகாத்தான் வந்துச்சு. ஆனா ஒவ்வொரு காலாண்டும் பாதிப் பங்கு மாறிடுது. எங்க தப்பு?"

முதலில் இந்த மாற்றம் உங்களிடம் எவ்வளவு வாங்குகிறது என்று பார்த்துவிடலாம். காலாண்டுக்குப் பாதி என்றால் வருடத்துக்குக் கூடை இரண்டு தடவை முழுசாக மாறுகிறது. விற்கும்போது கால் சதவீதம், வாங்கும்போது கால் சதவீதம் செலவு என்று வைத்தால், வருடத்துக்கு ஒரு சதவீதம் போய்விடும். வரி தனி. இந்த வகைக் கூடையில் கூடுதலாகக் கிடைக்கலாம் என்று நாம் எதிர்பார்ப்பதே ஓரிரு சதவீதம்தான், அதில் ஒன்று இப்படிக் கரைகிறது.

முதல் தப்பு, மூன்று மாத ஜன்னல். ஏறக்குறைய 63 நாட்களின் விலை மாற்றம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று ஸ்டாண்டர்டு டீவியேஷன் போடுகிறீர்கள். அதற்குள் ஒரே ஒரு நாள் பங்கு எட்டு சதவீதம் துள்ளினால் போதும், மொத்த எண்ணும் தூக்கிக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து அந்த நாள் ஜன்னலை விட்டு வெளியேறும்போது, நிறுவனத்தில் எதுவுமே மாறாமல் பங்கு மறுபடியும் 'அமைதியானது' ஆகிவிடும். உங்கள் கூடையில் உள்ளே வெளியே போய் வருவதில் ஒரு பெரும் பகுதி இந்த ஆட்டமாக இருக்கலாம். ஒரு வருடம், அதாவது சுமார் 252 வர்த்தக நாட்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்&பி 500 லோ வாலடிலிட்டி இண்டெக்ஸும் அந்த 252 நாட்களைத்தான் பார்க்கிறது.

குறுகிய ஜன்னலுக்கு இன்னொரு பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் 100-க்கு வாங்குவதாக அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை 80-ல் இருந்த பங்கு ஒரே நாளில் 98-க்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். 98, 98.20, 98.10 என்று நகரும். நான்கு மாதம் கழித்து, பங்குகளை வடிகட்டும் உங்கள் ஸ்கிரீனை ஓட்டினால், அந்தத் துள்ளல் நாள் ஜன்னலுக்கு வெளியே போயிருக்கும். வாலடிலிட்டி மூன்று சதவீதம் என்று காட்டும், முதல் ரேங்க் அதற்குத்தான். ஆனால் நீங்கள் வாங்குவது அமைதியான தொழில் இல்லை. இரண்டு சதவீத லாபத்துக்காக, டீல் முறிந்தால் மறுபடி 80-க்கு விழும் ஆபத்தை வாங்குகிறீர்கள். ஒரு வருட ஜன்னலில் இந்தப் பங்கு தானாகவே பின்னால் போய்விடும். ஏனென்றால் அந்த ஒரு நாளின் 22 சதவீதத் துள்ளல் மட்டுமே வருட வாலடிலிட்டியைச் சுமார் 22-க்குத் தூக்கிவிடும். ஆனாலும் அதை மட்டும் நம்பாமல், 'கையகப்படுத்தல் அறிவிப்பு நிலுவையில் இருந்தால் சேர்க்காதே' என்று தனி விதியே எழுதிவிடுங்கள்.

இதற்குத் தம்பி மாதிரி ஒன்று, சரியாக வர்த்தகமே ஆகாத பங்கு. விலை நகராததால் அமைதி போலத் தெரியும். கண்டுபிடிப்பது சுலபம். தினசரி மாற்றத்தை வைத்து வருட வாலடிலிட்டி போடுங்கள், வாராந்திர மாற்றத்தை வைத்தும் போடுங்கள். ஒழுங்காக வர்த்தகமாகும் பங்குக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தினசரியில் 14, வாரத்தில் 24 என்று வந்தால் அந்த 14-ஐ நம்பாதீர்கள்.

சரி, இப்போது வரிசை. நீங்கள் வாலடிலிட்டியை முதலில் போட்டு, தரத்தைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நான் தலைகீழாகச் செய்வேன். ஷார்ட் அடிக்கும் வழி நம்மிடம் இல்லை. மோசமான நிறுவனத்தை வைத்து நாம் செய்யக்கூடிய ஒரே காரியம் அதை வாங்காமல் இருப்பதுதான். அதனால் தரம் ஒரு வாசல்படியாக இருந்தால் போதும். 200-ல் தேறாத பாதியை வெளியே நிறுத்துங்கள், மிஞ்சிய 100-ஐ வாலடிலிட்டியால் வரிசைப்படுத்துங்கள்.

அந்த வாசலில் ஆர்ஓஇ-யை மட்டும் காவலுக்கு வைக்காதீர்கள். இரண்டு நிறுவனங்களைப் பாருங்கள். இரண்டுக்கும் சொத்து 100, வட்டிக்கு முந்தைய லாபம் 12. வட்டி எட்டு சதவீதம், வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். முதல் நிறுவனத்துக்குக் கடன் 80, சொந்த மூலதனம் 20. வட்டி 6.4 போக லாபம் 5.6, ஆர்ஓஇ 28 சதவீதம். இரண்டாவதற்குக் கடன் 20, மூலதனம் 80. லாபம் 10.4, ஆர்ஓஇ 13 சதவீதம். உங்கள் ஸ்கிரீன் முதலாவதைத்தான் எடுக்கும். இப்போது தொழில் மந்தமாகி 12 என்பது 8 ஆகிறது. இரண்டுக்கும் ஆர்ஓஇ எட்டு சதவீதம்! இன்னும் இறங்கி 6 ஆனால் முதலாவது நஷ்டத்தில், இரண்டாவது 5.5 சதவீதத்தில் நிற்கும். தொழில் ஒன்றுதான், 28 காட்டியது கடன். அதனால் ஆர்ஓஇ-யோடு கடன்-மூலதன விகிதத்தையும், ஐந்து வருட லாபம் எவ்வளவு ஆடியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வங்கி, நிதி நிறுவனங்களுக்கு மட்டும் கடன் விகிதத்தைப் போடாதீர்கள். கடன்தான் அவர்களுக்குச் சரக்கு.

அப்புறம், மாற்றத்தை உண்மையில் அடக்குவது நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் தனித்தனி எல்லை வைப்பது. 20-வது பங்கின் வாலடிலிட்டி 17.9, 21-வதுக்கு 18.1 என்றால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் ஒன்றை விற்று மற்றொன்றை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். கையில் உள்ள பங்கு ரேங்க் 30-ஐத் தாண்டினால்தான் விற்பேன், காலியான இடத்துக்கு மட்டும் வரிசையில் மேலே இருப்பதை எடுப்பேன் என்று வையுங்கள். தரத்துக்கும் அப்படியே: கடன் விகிதம் 0.5-க்குள் இருந்தால் உள்ளே, 0.8-ஐத் தாண்டினால் வெளியே.

துறைக்கு உச்சவரம்பு வைக்க மறக்காதீர்கள், கால் பங்குக்கு மேல் வேண்டாம். இல்லையென்றால் நுகர்பொருளும் மின்சாரமும் கூடையை நிறைத்துவிடும். தனித்தனியாக அமைதியான 20 பங்குகள் ஒரே செய்திக்கு ஒன்றாக விழும்.

இவ்வளவு செய்தபிறகும் சந்தை வேகமாக ஏறும் வருடத்தில் இது பின்தங்கும். 2020-ல் எஸ்&பி 500 டிவிடெண்டோடு 18 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது, அதன் லோ வாலடிலிட்டி இண்டெக்ஸ் லேசான நஷ்டத்தில் முடிந்தது. அப்படி ஒரு வருடத்தில் விதியைத் திருத்தக் கை பரபரக்கும். அதனால் ஜன்னல், வாசல், 20/30 எல்லாவற்றையும் தேதி போட்டு இப்போதே எழுதி வையுங்கள். பேக்டெஸ்ட்டை மறுபடி ஓட்டும்போது ஒன்று: கணக்கு முடிந்த தேதியை எடுக்காதீர்கள், முடிவு வெளியான தேதியிலிருந்துதான் அந்த ஆர்ஓஇ-யைப் பயன்படுத்த வேண்டும், அதற்கு முன் அந்த எண் உங்கள் கையில் இருந்திருக்காது. உங்கள் பழைய பேக்டெஸ்ட் அழகாக வந்ததற்கு அதுகூட ஒரு காரணமாக இருக்கலாம்.