காவல் நிலையத்தில் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம்

நேயர்களுக்கு வணக்கம். கொலை வழக்கில் கைதானவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று நாளிதழில் படிக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து, அவரே விடுதலையானார் என்றும் படிக்கிறோம். ஒப்புக்கொண்டவரை எப்படி விட்டார்கள் என்று நாம் கேட்பது இயல்புதான். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சொன்னவருக்கு எதிரான சான்றாக நம் நாட்டு நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்பதே விடை. இங்கிலாந்து போன்ற நாடுகள் ஒப்புதல் எவ்வாறு பெறப்பட்டது என்று ஆராய்ந்து முடிவு செய்கின்றன. நம் சட்டமோ ஆராய்ச்சிக்கே இடமின்றி அதை ஒதுக்குகிறது.

இந்தக் கடுமைக்குப் பின்னணியில் நம் மண்ணும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலும் காவலும் ஒரே அலுவலர்கள் கையில் இருந்த காலத்தில், கிட்டி போட்டு விரல்களை நெரிப்பது உள்ளிட்ட கொடுமைகளை விசாரித்த குழு 1855-இல் அறிக்கை தந்தது. 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்ற தடை, 1872-இன் சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாகி, இன்றைய 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 23-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அந்தச் சாட்சியச் சட்டத்தை வரைந்த ஸ்டீபனிடம் அனுபவமிக்க அதிகாரி ஒருவர் காரணத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்: வெயிலில் அலைந்து சாட்சி தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது சுகமான வேலை.

எல்லாக் காவலர்களும் அடிக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. ஆனால் மூடிய அறைக்குள் நடந்ததற்கு வேறு சாட்சி இல்லாதபோது, அடிபட்டவரையும் அடிபடாதவரையும் நீதிபதி பிரித்தறிய இயலாது. அதனால்தான் தடை எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்பட்டது. அக்னூ நகேசியா என்பவர் தாமே காவல் நிலையத்துக்குச் சென்று நான்கு கொலைகளைச் செய்ததாகச் சொன்ன வழக்கிலும், அந்தத் தகவலின் ஒப்புதல் பகுதி முழுவதையும் உச்ச நீதிமன்றம் 1966-இல் ஒதுக்கியது. எஞ்சிய சான்று போதாமல் அவர் விடுதலையானார்.

இந்த வேலியில் ஒரு திட்டிவாசல் உண்டு. என்னை நெடுங்காலமாக உறுத்துவது அதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு நேரடியாகத் தொடர்புடைய சொற்களை மட்டும் சான்றாக்கலாம் என்றது பழைய 27-ஆம் பிரிவு. 1946-இல் புலுகூரி கோட்டய்யா வழக்கில், அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதன் எல்லையை வரைந்தது. கூட்டமாகக் காத்திருந்ததையும், இருவரை அடித்துக் கொன்றதையும், ஈட்டி தம் கைக்கு வந்ததையும் ஒருவர் சொல்லி, "அதையும் என் தடியையும் வைக்கோல் போரில் ஒளித்தேன், வந்தால் காட்டுகிறேன்" என்றும் கூறியிருந்தார். அந்த ஒளித்த செய்தி மட்டுமே ஏற்கத்தக்கது. மற்ற பகுதி முழுவதும் வெட்டப்பட வேண்டும் என்றது தீர்ப்பு.

கவனியுங்கள். ஆயுதம் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பது வரைதான் இதனால் மெய்ப்படுகிறது. அந்த ஆயுதத்தால் குத்தியவர் அவர் என்பது மெய்ப்படுவதில்லை. அதற்கு இரத்தப் பரிசோதனையோ, நேரில் கண்ட சாட்சியோ, வேறு ஏதேனும் தனியே வர வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது? முள்புதரிலிருந்து அரிவாள் எடுக்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலர், கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் சாட்சியாகக் கையெழுத்திடுகிறார். "ஏற்கத்தக்க பகுதி" என்று கோடிட்டு வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடப்படுகிறது. இங்கே குறுக்கு விசாரணை செய்பவர் பார்க்க வேண்டியவை சிலவே. அந்த இடம் காவலருக்கு முன்பே தெரிந்திருந்ததா? யார் வேண்டுமானாலும் வந்துபோகும் வெட்டவெளியா? கைதானதாகச் சொல்லும் நேரத்துக்கு முன்பே அவர் நிலையத்தில் இருந்தாரா? முன்பே தெரிந்த இடமென்றால் அது கண்டுபிடிப்பே அல்ல. மீண்டும் சொல்கிறேன், முன்பே தெரிந்ததைக் கண்டுபிடிக்க முடியாது.

நேரம் நெருங்கிவிட்டதால் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயங்கரவாதத்தைத் தடுக்க முன்பு இருந்த தடா சட்டம், காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதலைச் சான்றாக்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தை அவ்வாறு பதிவு செய்த அதிகாரியே, தாம் வாங்கித் தந்த பேட்டரிகள் எதற்காக என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் தெரிவித்தார்.

மற்றொன்று, உண்மையிலேயே ஒப்புக்கொள்ள விரும்புபவருக்கான வழி. அவர் நீதித்துறை நடுவரிடம் சொல்லலாம். இது கட்டாயமல்ல, இது உமக்கு எதிராகப் பயன்படலாம் என்று நடுவர் முதலில் எச்சரித்து, யோசிக்கப் போதிய அவகாசம் தர வேண்டும். பதிவுக்கு முன் எந்நேரத்திலும் அவர் மனம் மாறி மறுத்துவிட்டால், அவரைக் காவல்துறையின் பொறுப்பில் வைக்க நடுவர் உத்தரவிடக் கூடாது. நன்றி, வணக்கம்.