கன்சீலர் போட்டும் கண்ணுக்கு கீழ சாம்பலா தெரியுதா? முதல்ல ஒரு க்ளோஸ்-அப் எடுங்க

கருவளையத்தை மறைக்கணும்னு ரெண்டு ஷேட் லைட்டா ஒரு கன்சீலர் வாங்கி போடுவோம், கருப்பு போறதுக்கு பதிலா சாம்பல் திட்டு ஒண்ணு வந்து உக்காந்துக்கும். ஷேட் கார்டை பாக்கறதுக்கு முன்னாடி உங்க கண்ணை போட்டோல பாத்துடுங்க.

மேக்கப் இல்லாம ஜன்னலை பாத்து நில்லுங்க, நேர் வெயில் வேண்டாம், ரூம் லைட்டு ஆஃப், ஃப்ளாஷ் ஆஃப், முக்கியமா ப்யூட்டி மோட் ஆஃப். கன்னத்து பக்கத்துல ஒரு வெள்ளை பேப்பர் பிடிச்சுக்கோங்க. போட்டோல பேப்பரே மஞ்சளாவோ நீலமாவோ தெரிஞ்சா அதுல தோல் கலரும் தப்பாதான் இருக்கும், திரும்ப எடுங்க. ரெண்டு போட்டோ வேணும், ஒண்ணு நேரா பாத்து, இன்னொண்ணு தாடையை நல்லா தூக்கி.

[திரையில்: ரெண்டு போட்டோவும் பக்கத்துல பக்கத்துல]

இதோ மாநிறமான ஒரு முகம், ஜூம் பண்ணுவோம். மூக்கை ஒட்டின உள்மூலையில பழுப்பு, அதுக்கு கீழ கன்னம் ஆரம்பிக்கிற இடத்துல சாய்வா ஒரு கோடு. தாடையை தூக்கின போட்டோல அந்த கோடு கிட்டத்தட்ட காணோம், ஆனா பழுப்பு அப்படியே இருக்கு. அப்போ கோடுங்கறது பள்ளத்தோட நிழல், பழுப்புதான் தோலோட நிறம். கன்சீலருக்கு அடியில கருப்பை அடக்க போடற கலர் க்ரீம்தான் கரெக்டர், அது வேலை செய்யறது பழுப்புல மட்டும்தான், நிழல் மேல எவ்ளோ அப்பினாலும் பள்ளம் பள்ளமாதான் இருக்கும்.

இந்த முகத்துக்கு பீச்சும் ஆரஞ்சும் கலந்த கரெக்டர். இன்னும் டார்க்கான தோல்னா நல்ல ஆரஞ்சு, வெளுப்பான தோல்ல நீலமா தெரிஞ்சா லைட் பீச் போதும். ஒரு கண்ணுக்கு அரை அரிசி அளவு, அதுவும் பழுப்பு இருக்கற இடத்துல மட்டும், மோதிர விரலால தட்டி தட்டி வைங்க, தேய்ச்சா எல்லாம் கலைஞ்சு போயிடும். ஒரு நிமிஷம் விட்டுட்டு கன்சீலர்.

ஷேட் எதை வச்சு பாக்கறது? கையில தேய்ச்சு பாக்கவே பாக்காதீங்க, கை கலர் வேற முகத்து கலர் வேற. கருவளையம் முடிஞ்சு கன்னத்து தோல் தொடங்குது பாருங்க, அந்த இடத்துல மூணு ஷேட்டை கோடு மாதிரி இழுத்து, பத்து நிமிஷம் காய விட்டு போட்டோ எடுங்க, ஏன்னா சில கன்சீலர் காத்து பட்டதும் டார்க் ஆயிடும். போட்டோல எந்த கோடு எங்க இருக்குன்னே தேட வேண்டியிருக்கோ அதுதான் உங்க ஷேட்.

[திரையில்: போட்ட பிறகு எடுத்த க்ளோஸ்-அப்]

போட்டு முடிச்சதும் அதே ஜன்னல்கிட்ட இன்னொரு போட்டோ. சாம்பலா இருந்தா கரெக்டர் பத்தலை, இல்லேன்னா கன்சீலர் ரொம்ப லைட்டு. ஆரஞ்சு எட்டி பாத்தா கரெக்டர் ஜாஸ்தி, மேல இன்னும் கன்சீலர் அப்பாம ஈர ஸ்பாஞ்சால கொஞ்சம் ஒத்தி எடுங்க. கலர் சரியா இருந்தும் சுருக்கத்துல கோடு கோடா நின்னா அது ஷேட் பிரச்சனையே இல்ல, அளவு அதிகம், அதையும் ஸ்பாஞ்சே பாத்துக்கும்.