பால்டி வரவில்லை, அலமாரி வந்துவிட்டது

பால்டியில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தமிழில் பால்டி இல்லை. போர்த்துகீசியச் சொற்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அலமாரிக்குப் பக்கத்தில் பால்டியும் வந்து உட்கார்ந்துவிடும். அது இந்திக்காரர்களின் பட்டியல், நாம் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். போர்த்துகீசியத்தில் வாளிக்கு 'பால்தெ' என்று பெயர். அது இந்திக்குப் போய் பால்ட்டி ஆனது, மராத்தியில் பால்தீ, சிங்களத்தில் பால்திய, மலாய் மொழியில் பால்டி. சுற்றிலும் எல்லா வீட்டுக்கும் போன அந்தச் சொல் நம் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

வந்தது, வாளி என்பதே அதுதான் என்று சிலர் சொல்வார்கள். சரி, பார்த்துவிடுவோம். முதல் எழுத்து 'ப' என்பது 'வ' ஆனதில் பிரச்சினை இல்லை. 'பாங்கோ' என்றால் போர்த்துகீசியத்தில் நீளப் பலகை, ஈழத்தமிழில் அது வாங்கு. 'பிஸ்கோய்தோ' அங்கே விசுக்கோத்து. ஆக முன்பாதி பொருந்துகிறது. இடறுவது பின்பாதிதான். பால்தெயில் 'ல்' என்ற ஒலிக்குப் பின்னால் தெளிவாக ஒரு 'த' இருக்கிறது, மேலே சொன்ன எல்லா மொழியும் அதைத் தகரமாகவோ டகரமாகவோ பத்திரமாக வைத்திருக்கிறது. தமிழில் மட்டும் அது முழுசாகக் கரைந்து 'ளி' ஆனது என்றால், அதே மாதிரி கரைந்த இன்னொரு சொல்லைக் காட்ட வேண்டும். ஒரு சொல்லுக்கு மட்டும் தனிச்சட்டம் போடுவது என் கணக்கில் சேராது. அதனால் வாளியை என் பட்டியலில் சேர்ப்பதில்லை, யாராவது சேர்த்தால் சண்டைக்கும் போவதில்லை.

இவ்வளவு நேரம் ஒரு வாளியோடு மல்லுக்கட்டியதற்குக் காரணம் உண்டு. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல இரண்டு சொற்களும் ஒரே மாதிரி காதில் விழுகின்றன என்பது போதாது, ஒவ்வொரு ஒலியும் எங்கே போனது என்று கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு அழகாக முடிகிற சொல் அலமாரி. போர்த்துகீசிய அகராதியில் தேடினால் 'அர்மாரியோ' என்று இருக்கும். லத்தீனில் அர்மாரியும், ஆதியில் ஆயுதம் வைக்கிற பெட்டகம். நம்மிடம் ரகரம் இருக்கவேண்டிய இடத்தில் லகரம் இருக்கிறதே, தமிழன் நாக்கு புரண்டுவிட்டதா? இல்லை. 'அல்மாரியோ' என்று ஒரு பழைய வடிவம் போர்த்துகீசியத்திலேயே இருந்தது. ஒரே சொல்லில் இரண்டு 'ர' வந்தால் நாக்கு ஒன்றை 'ல' ஆக்கிவிடுவது உலகம் முழுக்க நடப்பது. அந்தப் புரளல் அவர்கள் ஊரிலேயே முடிந்துவிட்டது. கப்பலில் வந்த மாலுமியும் தச்சனும் பேசிய பேச்சுவழக்குச் சொல் அது. நாம் செய்ததெல்லாம் 'ல்'லுக்கும் 'மா'வுக்கும் நடுவே ஓர் அகரம் செருகியதுதான்.

சாவியைப் பாருங்கள், அதில் தேதியே இருக்கிறது. எழுத்தில் chave. இன்றைக்கு லிஸ்பனில் இதை 'ஷாவ்' என்பது போலச் சொல்வார்கள். ஆனால் இந்தியில் அது சாபி, அதுவும் 'பச்சை'யில் வருகிற அந்த அழுத்தமான ச. மலையாளத்திலும் அதே ஒலி. 16ஆம் நூற்றாண்டில் கரையிறங்கியவர்கள் அந்த எழுத்தை அழுத்தமாகத்தான் உச்சரித்தார்கள், அது ஷகரமாக மெலிந்தது பின்னால். அவர்களே கைவிட்ட உச்சரிப்பை இந்திய மொழிகள் வைத்திருக்கின்றன.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சொல்லுக்கு வருகிறேன்: ஏலம்.

நிறைய பேருக்கு இது வெளியிலிருந்து வந்தது என்ற சந்தேகமே வராது, ஏலக்காய் பக்கத்தில் இருப்பதால் இன்னும் குழப்பம். மூலம் leilão. லெய்லாவ் என்று தொடங்கி மூக்கில் போய் முடிகிற சொல். இந்த மூக்கொலி முடிவு தமிழுக்கு வரும்போது எப்போதும் ஒரு மெல்லெழுத்தைப் பிடித்துக்கொள்ளும். botão பொத்தான் ஆனது, ரொட்டியைக் குறிக்கும் pão ஈழத்தில் பாண் ஆனது, calção களிசான் ஆனது. அதே வழியில் leilão கடைசியில் 'லம்' என்று முடிந்தது. முன்னால் இருந்த 'லெ' எங்கே? மலையாளத்தில் இன்றும் லேலம்தான். இந்தோனேசியாவில் லெலாங். இரண்டு லகரம் அடுத்தடுத்து வருவது அலமாரியில் பார்த்த அதே தொந்தரவு, ஒவ்வொரு மொழியும் தன் பாணியில் தீர்த்துக்கொண்டது. இந்தி முதல் 'ல'வை 'ந' ஆக்கி நீலாம் என்றது. தெலுங்கு வேலம் என்றது. தமிழ் அந்த 'ல்'லையே உதறிவிட்டது. தமிழ்ச் சொல்லுக்கு முதலில் லகரம் வராது என்ற பழைய வழக்கமும் கை கொடுத்திருக்கும். போர்த்துகீசியருக்கே இது அரபியிலிருந்து, 'அறிவித்தல்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கதை.

விலை கூறி விற்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு ஏன் அவர்கள் சொல் ஒட்டிக்கொண்டது? 1580களில் கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். நகரத்தின் பிரதானத் தெருவில் காலைதோறும் லெய்லாவ் நடக்கும். குதிரை விற்கும், துணி விற்கும், அடிமைகளாக மனிதர்களும் விற்கப்படுவார்கள், செத்துப்போனவன் சாமான் கடைசிச் சல்லி வரை அங்கே வந்துதான் தீரும். ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து காய்ச்சலில் சாகிறவன் பெட்டிக்கு வாரிசு பக்கத்தில் இல்லை, அதை விற்றுக் காசாக்க வேண்டும். இப்படி ஓர் ஒழுங்கான, அறிவித்து நடத்துகிற விற்பனைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. துறைமுக வியாபாரி எந்தச் சாதியானாலும் எந்த மொழிக்காரனானாலும் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தால்தான் அங்கே பிழைப்பு. பொருளோடு போகிற சொல்லைவிட நடைமுறையோடு போகிற சொல் கெட்டி என்பது என் எண்ணம்.

(இந்த இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் "கக்கூசு?" என்று கேட்டார். அது டச்சு, ஐயா. அடுத்து வந்தவர்கள் விட்டுப்போனது.)

அப்புறம், இந்தச் சொற்களை யார் சுமந்து வந்தார்கள்? பாதிரியார் என்று உடனே பதில் வரும். பாதிரி என்ற சொல்லே அவர்களுடையதுதான், குருசும் அப்படித்தான். முத்துக்குளித்துறையில் 1530களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள், அன்றிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. எல்லாம் உண்மை. ஆனால் பாதிரியார் கொண்டுவந்தது கோயில் சொற்கள். ஜன்னலும் மேசையும் துவாலையும் பொத்தானும் பிரசங்கத்தில் வராது. அவை வீட்டுச் சொற்கள். சாந்தோம், நாகப்பட்டினம், கொச்சி, கொழும்பு என்று போர்த்துகீசிய ஆண்கள் குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த வீடுகளில், அம்மாவும் பிள்ளையும் வேலைக்காரரும் பேசிய கலப்புப் போர்த்துகீசியம் ஒன்று உருவானது. இலக்கணம் இலேசு, சொற்கள் பறங்கி.

இதில் வேடிக்கை என்னவென்றால் போர்த்துகீசியர் தோற்ற பிறகும் இந்த மொழி தோற்கவில்லை. 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள், அவர்கள் வீட்டுக்குள்ளும் வேலைக்காரரோடு பேச அதுதான் உதவியது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழோடு போர்த்துகீசியமும் கற்றார், ஊழியம் இரண்டிலும் நடந்தது. ஆங்கிலேயக் கம்பெனிக்கு 1698இல் கொடுத்த சாசனத்தில், இந்தியாவுக்கு வரும் பாதிரியார்கள் ஒரு வருடத்துக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. ஆக நம் வீட்டுக்கு மேசையைக் கொண்டுவந்து போட்டது வாஸ்கோடகாமா அல்ல, பெரும்பாலும் அவருக்கு நூறு, நூற்றைம்பது வருடம் பின்னால் யாரோ ஒரு துரை வீட்டில் வேலை பார்த்த ஆயாவோ தச்சனோதான். ஆயா என்பதும் அவர்கள் சொல் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வீடு வீடாகப் போன சொற்கள் என்பதால் எல்லா வீட்டுக்கும் ஒரே மூட்டை போகவில்லை. போர்த்துகீசியர் யாழ்ப்பாணத்தை 1619 முதல் நேரடியாகவே ஆண்டார்கள், அதனால் ஈழத்தமிழில் நாம் கேட்டறியாத சொற்கள் ஏராளம். கடப்பாரைக்கு அலவாங்கு, கைக்குட்டைக்கு லேஞ்சி, காலுக்குச் சப்பாத்து, நாற்காலிக்குக் கதிரை. ஜன்னல் அங்கே யன்னல், ஜகரம் யகரமாகிவிட்டது. இவ்வளவு வாங்கியவர்கள் சாவியையும் வாங்கியிருக்க வேண்டும் அல்லவா? வாங்கவில்லை. நாம் திறவுகோலைப் புத்தகத்தில் வைத்துவிட்டுச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, யன்னல் பக்கம் பார்த்தபடி, அலுமாரிக்குத் திறப்பு எங்கே என்றுதான் கேட்பார்கள்.