பக்கத் தொழிலுக்கு அனுமதி: எதைக் கேட்க வேண்டும்?

வணக்கம். வேலைக்குச் சேரும்போது தருகிற நியமன உத்தரவில், நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேறு வேலையோ தொழிலோ செய்யக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். மனிதவளத் துறையில் இருந்த எனக்கு அந்த வரியோடு நெடுநாள் சண்டை. அனுமதி கேட்டு ஒருவர் வந்தால் அவரிடம் என்ன விசாரிப்பது என்று அது சொல்வதே இல்லை.

2022-ல் விப்ரோ 300 பேரை வேலையை விட்டு நீக்கியது. இரண்டு வேலை பார்த்ததற்காக என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் நிறுவனத் தலைவர் சொன்னது, அவர்கள் போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்தார்கள் என்பது. ஆக, யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

கோவையில் ஒரு பம்பு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் ஒருவர், சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க அனுப்புகிறார். சாயங்காலம் வீட்டில் மளிகைக் கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு ஃபவுண்டரியும் அவரிடம் வருகிறது. கம்பெனிக்கு வார்ப்பு கொடுப்பது அதே ஃபவுண்டரிதான்! இப்போது ராத்திரி தன் கையால் கணக்கில் ஏற்றிய பில்லைப் பகலில் அவரே பாஸ் பண்ணுகிறார். போட்டி ஃபவுண்டரிகள் கொடுத்த ரேட்டும் அவருக்குத் தெரியும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் நாளைக்கு ஒரு பில்லில் தகராறு வந்தால் அவரால் தன் பக்கத்தை நிரூபிக்க முடியாது. மாதம் அரை மணி நேர வேலைதானே என்பார்கள். அரை மணியோ ஆறு மணியோ, யாருக்காக என்றுதான் கேட்கிறேன்.

இதற்காக மொத்தமாகத் தடை போட வேண்டாம். ஃபவுண்டரியை மட்டும் விடச் சொல்லலாம். விட முடியாதென்றால் அந்த பில்களை வேறொருவர் பார்க்கட்டும், கொள்முதல் பிரிவுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். புது வாடிக்கையாளர் சேரும்போதெல்லாம் மறுபடி எழுதித் தர வேண்டும். ஒரு தடவை வாங்கிய அனுமதி எல்லாவற்றுக்கும் ஆகாது.

அடுத்தது நேரம். "ஆபீஸ் நேரத்துக்கு வெளியேதான் சார்" என்பார், பெரும்பாலான நாள்களில் அது உண்மையும்கூட. ஆனால் மாதாந்திர ரிட்டர்னுக்கு ஜிஎஸ்டிஆர்-1 என்றால் 11-ஆம் தேதி, 3பி என்றால் 20-ஆம் தேதி. கம்பெனிக்கும் அதே தேதிதான். கடைசி நாளில் போர்ட்டல் திணறும், கடைக்காரர் போனுக்கு ஓடிபி போகும், அதைக் கேட்டு இவர் வராந்தாவில் நிற்பார். இப்படி நடக்கிறதா என்று அறிய வேவு பார்க்க வேண்டியதில்லை. லீவு பதிவேட்டில் அந்தத் தேதிகளைப் பார்த்தாலே போதும்.

தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்தவர் அதே நாளில் இன்னொன்றில் ஏறுவதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சில விலக்குகள் தவிர, 60-ஆம் பிரிவிலேயே தடுத்திருந்தது. மேனேஜர் நல்லவராக இருந்து அனுமதிக் கடிதம் கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. வணக்கம்.